தனித்தனி உத்தரவும் கூட்டு வெளியேற்றமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஐரோப்பாவின் அகதிக் கொள்கை பற்றி வந்த கட்டுரையில், நாட்டைவிட்டு வெளியேறும் உத்தரவு ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கையளிக்கப்படுவதால் அதைக் கூட்டு வெளியேற்றம் என்று கூற முடியாது என்றும், பிள்ளைகள் பெற்றோருடனேயே தங்கவைக்கப்படுவதால் அவர்களுக்குப் பாதிப்பில்லை என்றும் எழுதப்பட்டிருந்தது. இவ்விரு வாதங்களையும் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் பெல்ஜியத்துக்கு எதிரான வழக்குகளிலேயே நிராகரித்துவிட்டது. தாங்கள் அறியாததல்ல. அறிந்திருந்தும் அச்சேற விட்டீர்களே என்பதுதான் என் மனத்தாங்கல்.

நான் வசிக்கும் கெண்ட் நகரில் 1999 செப்டம்பர் இறுதியில், ஸ்லோவாக்கியாவிலிருந்து வந்து தஞ்சம் கோரியிருந்த, ரோமா என்ற சிறுபான்மை இனத்தைச் சேர்ந்த குடும்பங்களுக்குக் காவல்துறையிடமிருந்து ஓர் அழைப்பு போனது. தஞ்ச விண்ணப்பக் கோப்புகளைப் பூர்த்தி செய்வதற்காக அக்டோபர் 1ஆம் தேதி நிலையத்துக்கு வரவேண்டும் என்று டச்சிலும் ஸ்லோவாக் மொழியிலும் அதில் எழுதியிருந்தது. நம்பிப் போனவர்களின் கையில் நாட்டைவிட்டு வெளியேறும் உத்தரவைக் கொடுத்து, அங்கேயே தடுத்துவைத்து, பிரஸ்ஸல்ஸ் விமான நிலையத்தை ஒட்டிய ஸ்டீனொக்கர்செயிலின் 127 பிஸ் தடுப்பு மையத்துக்குக் கொண்டுபோனார்கள். ஒரு தம்பதியும் அவர்களுடைய இரு பிள்ளைகளும் அவர்களில் இருந்தனர். அவர்களுடைய வழக்கறிஞருக்கு அன்று, வெள்ளிக்கிழமை, இரவு பத்தரை மணிக்குத்தான் செய்தி எட்டியது. தடுப்புக்காவலை எதிர்த்து முறையிட்டிருந்தாலும் 6ஆம் தேதிக்கு முன் விசாரணை நடந்திருக்காது. 5ஆம் தேதி மாலையே அவர்களை ஏற்றிய விமானம் புறப்பட்டுவிட்டது. ஏறுவதற்கு முன், இருக்கை எண்ணை அவர்கள் கையில் பேனாவால் எழுதியிருந்தார்கள்.

அந்தக் குடும்பத்துக்கும் தனித்தனி உத்தரவுகள்தான் கொடுக்கப்பட்டன. ஆனால், அவர்கள் தொடுத்த சோங்கா வழக்கில் 2002இல் தீர்ப்பளித்த நீதிமன்றம், தாள் தனித்தனியாக இருந்ததா என்று பார்க்கவில்லை. ஒவ்வொருவரின் நிலைமையும் உண்மையாகவே தனியாக ஆராயப்பட்டதா என்று பார்த்தது. இத்தகைய நடவடிக்கை வரும் என்று அரசியல் தலைமை முன்கூட்டியே அறிவித்திருந்தது, எல்லோரும் ஒரே நேரத்தில் அழைக்கப்பட்டார்கள், உத்தரவுகளின் வாசகம் ஒன்றாகவே இருந்தது, வழக்கறிஞரை அணுகுவது மிகக் கடினமாக இருந்தது, தஞ்ச நடைமுறை இன்னும் முடிந்திருக்கவில்லை. அந்த உத்தரவுகளில் தஞ்சக் கோரிக்கை பற்றி ஒரு வரிகூட இல்லை. மூன்று மாதத்துக்கு மேல் தங்கிவிட்டார்கள் என்பதே காரணமாகச் சொல்லப்பட்டிருந்தது. இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தே, ஐரோப்பிய மனித உரிமை ஒப்பந்தத்தின் நான்காம் நெறிமுறை தடைசெய்யும் கூட்டு வெளியேற்றம் நடந்தது என்று நீதிமன்றம் முடிவு செய்தது.

இந்தத் தடைக்கு வரம்பு உண்டு என்பதையும் மறைக்கவில்லை. சட்டப்படி நுழைய வழி இருந்தும் மொராக்கோ எல்லையில் உள்ள ஸ்பெயின் நகரான மெலில்லாவின் வேலியைக் கூட்டமாகத் தாண்டியவர்கள் இந்தப் பாதுகாப்பைக் கோர முடியாது என்று 2020இல் அதே நீதிமன்றம் ஸ்பெயின் வழக்கில் கூறியது. அந்தத் தீர்ப்பை என் மனம் ஏற்கவில்லை. ஆனால் அழைப்பை மதித்து நிலையத்துக்கு நடந்துபோனவர்களை அதைக் காட்டி எவரும் குறைகூற முடியாது.

பிள்ளைகளின் விடயத்துக்கு வருகிறேன். அதே 127 பிஸ் மையத்தில் செச்சென்யாவைச் சேர்ந்த ஒரு தாயும் நான்கு பிள்ளைகளும் 2006 டிசம்பரிலிருந்து ஒரு மாதத்துக்கு மேல் அடைத்துவைக்கப்பட்டார்கள். கடைசிக் குழந்தைக்கு ஏழு மாதம், மூத்த பிள்ளைக்கு ஏழு வயது. தாய் கூடவே இருந்தார் என்பது பிள்ளைகளை அங்கே வைத்ததற்குச் சமாதானம் ஆகாது என்று 2010இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்படியிருந்தும் 2018இல் அதே இடத்தில் குடும்பங்களுக்கென்று அறைகள் திறந்தார்கள். விமான இரைச்சலையும் ஒரு காரணமாகக் காட்டி, பெல்ஜியத்தின் உயர் நிர்வாக நீதிமன்றமான அரச மன்றம் மறு ஆண்டே அதை இடைநிறுத்தவேண்டியதாயிற்று.

தஞ்சம் கோருவோருக்கு மொழிபெயர்ப்பாளனாக நான் போய்வருகிறேன். பெற்றோருக்குப் புரியாத கடிதத்தைப் பள்ளியில் டச்சு கற்ற பிள்ளைதான் முதலில் வாசிக்கிறது. வெளியேற வேண்டிய தேதி வரும் வரியில் ஒரு சிறுவன் வாசிப்பதை நிறுத்திவிட்டுத் தாயின் முகத்தைப் பார்த்ததை நான் கண்டிருக்கிறேன். பிள்ளைகளுக்குப் பாதிப்பில்லை என்று எழுதியவர் ஒருநாள் அப்படியொரு பிள்ளையின் அருகில் வந்து அமரட்டும்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆஸ்திரேலியாவின் பிலோயலா ஊரிலிருந்து 2018இல் பிடித்துச் செல்லப்பட்ட தமிழ்க் குடும்பம் கிறிஸ்துமஸ் தீவில் அடைபட்டிருந்தபோது, அந்த இரு சிறுமிகளுக்காகத் தாங்கள் தலையங்கம் எழுதினீர்கள், நெஞ்சார வாழ்த்தினேன். ரோமாப் பிள்ளைக்கும் செச்சென்யப் பிள்ளைக்கும் அதே பக்கத்தில் இடமில்லையா என்று கேட்டு நான் அப்போது எழுதிய கடிதம் வெளிவரவில்லை, பதிலும் வரவில்லை.

அடுத்த இதழில், அந்தக் கட்டுரை வந்த அதே பக்கத்தில், பெல்ஜியத்துக்கு எதிரான மேற்கண்ட இரு தீர்ப்புகளையும் குறிப்பிட்டு ஒரு திருத்தம் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இடம் போதாவிட்டால் என் கடிதத்தை விட்டுவிடுங்கள். திருத்தம் வந்தால் போதும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
கெண்ட், பெல்ஜியம்.