மூன்று மேடைக்கு ஒரே அறிமுகம்

அன்புள்ள கயல்,

ஒரே வாரத்தில் தறிக்காரர்கள், பள்ளி ஆசிரியர்கள், டாக்டர்கள் என்று மூன்று கூட்டமாம். மூன்றுக்கும் தனித்தனியாக எழுதி ராத்திரி கண் விழிக்கிறாய் என்று அம்மா சொன்னாள். எதற்கு? நடுவே சொல்வதை ஒரு தடவை எழுதினால் போதும். முதலையும் கடைசியையும் மட்டும் மாற்று.

நீ போனில் சொன்னதை வைத்து நடுப்பகுதியை எழுதிப் பார்த்தேன்:

"என் பேர் கயல்விழி. பிசியோதெரபிஸ்ட். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்து தோள் பிடித்துக்கொண்டவர்களைத்தான் 2016லிருந்து அதிகம் பார்க்கிறேன். கையைத் தூக்கித் தலை வார முடியாமல் ஒரு தையல்கார அம்மா வந்தார். மூன்று மாதம் கழித்து, பேத்திக்கு ஜடை பின்னிவிட்டதாகச் சொல்லிவிட்டுப் போனார்."

நிதானமாகச் சொன்னால் அரை நிமிடத்துக்குள் முடியும். 'இத்தனை வருஷமாக' என்று போட்டால் ஒவ்வொரு வருஷமும் திருத்த வேண்டும், அதனால்தான் 2016. 'இன்று', 'இந்த ஊரில்', 'உங்களைப் போல' எதுவும் நடுவில் வரக்கூடாது. வந்தால் அடுத்த மேடையில் காலை வாரும். அந்த ஜடையை மட்டும் விட்டுவிடாதே. தறிக்காரருக்கு அது அவர் வீட்டுப் பெண்ணின் கதை. டாக்டருக்கோ தோள் எவ்வளவு தூரம் திரும்பியது என்ற கணக்கு.

தறிக்காரர்களிடம், "ராத்திரி ஒருக்களித்துப் படுத்தால் தோள் தெறிக்கிறவர்கள் எத்தனை பேர்? கையைத் தூக்க வேண்டாம், தலையாட்டினால் போதும்" என்று ஆரம்பி. சிரிப்பார்கள், உடனே உன் பெயரைச் சொல். "கூட்டம் முடிந்ததும் வாசலில் உட்கார்ந்திருப்பேன், வந்து தோளைக் காட்டுங்கள்" என்று முடி. ஆசிரியர்களுக்குக் கரும்பலகையின் மேல்வரியில் எழுதக் கையைத் தூக்கும் பாட்டில் ஆரம்பித்து, இடைவேளையில் செய்ய ஒரு பயிற்சியைச் சொல்லி முடி. டாக்டர்களிடம் தமாஷ் வேண்டாம். தோள் முழுக்க இறுகிய பிறகே நோயாளி உன்னிடம் வருகிறார் என்பதில் தொடங்கி, "இறுக ஆரம்பிக்கும்போதே அனுப்புங்கள்" என்பதில் நிறுத்து. தலைவர் உன் பெயரையும் படிப்பையும் முன்பே வாசித்துவிட்டால் முதல் இரண்டு வாக்கியத்தை விட்டுவிட்டு தோளிலிருந்து தொடங்கு.

பலமுறை சொன்னதை வாய் தானாக வேகமாகச் சொல்லும். உனக்குத்தான் அது பழசு. தையல்கார அம்மா வரும் இடத்தில் ஒரு மூச்சு விடு.

மண் பரிசோதனை நிலையத்தில் இருந்தபோது நானும் இப்படித்தான் ஓட்டினேன். காலையில் விவசாயிகள் கூட்டம், மதியம் வங்கி மேலாளர்கள் கூட்டம். இரண்டுக்கும் நடுப்பகுதி ஒன்றே, நன்றாகத்தான் போனது. கடைசியில் சட்டைப் பையிலிருந்து காலைச் சீட்டை எடுத்து, "வயலில் பல இடத்தில் வி வடிவத்தில் குழி வெட்டி, கலந்து, அரை கிலோ மண் கொண்டு வாருங்கள்" என்று படித்துவிட்டேன். முன்வரிசையில் ஒருவர், "மாடி வீட்டில் இருக்கிறேன் சார், மண்ணுக்கு எங்கே போவேன்?" என்றார்.

நடுப்பகுதியை ஒரு அட்டையில் எழுதி வைத்துக்கொள். முதலும் கடைசியும் தனித்தனிச் சீட்டு. மேடையிலிருந்து இறங்கியதும் அந்த இரண்டையும் கிழித்துப் போட்டுவிடு.

அன்புடன்,
அப்பா