சூரியன் திரும்பியது மார்கழி 6ஆம் திகதி

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் தைப்பொங்கல் சிறப்பிதழ் கிடைத்தது. நகைக்கடை விளம்பரங்களுக்கு நடுவே ஒரு கட்டுரையும் இருந்தது. அதில் ஒரு வரி: "தை முதல் நாளன்று சூரியன் தென்திசைப் பயணத்தை முடித்து வடக்கே திரும்புகிறான் என்பதை இன்றைய விஞ்ஞானமும் ஏற்றுக்கொண்டுள்ளது." எந்த விஞ்ஞானம் என்று கட்டுரையாளர் சொல்லவில்லை. தாங்களும் கேட்கவில்லை போலும். போன வருடமும் இதே வரிதான் வந்தது. அதற்கு முந்திய வருடம் "நாசாவும்" என்று ஒரு சொல் கூடுதலாக இருந்தது. அதை எடுத்துவிட்டதற்கு நன்றி.

தாங்கள் அறியாதது அல்ல, என்றாலும் எழுதுகிறேன். சூரியன் இம்முறை வடக்கே திரும்பியது டிசம்பர் 21, இரவு 8.33க்கு. எங்கள் கணக்கில் மார்கழி 6. மகர இராசிக்குள் புகுந்தது, திருக்கணிதப்படி, ஜனவரி 14 பிற்பகலில். இடையில் கிட்டத்தட்ட 24 நாட்கள். நாங்கள் முற்றத்தில் பானை வைத்தபோது சூரியன் ஏற்கனவே இரண்டு பாகைக்கு மேல் வடக்கே வந்துவிட்டது. வானத்தில் தெரியும் சூரியனின் அகலம் அரைப் பாகை. ஆகவே நாலு சூரியனை வரிசையாக அடுக்கிய தூரம்.

இதற்கு நாசா தேவையில்லை, ஒரு தடி போதும். தொண்ணூறுகளில் மின்சாரமும் இல்லாமல், ஆய்வுகூடத்துக்கு ஒரு பொருளும் வராமல் இருந்த காலத்தில் நான் கணிதம் படிப்பித்த பாடசாலையின் மைதானத்தில் பிள்ளைகளோடு செய்தது இது. ஒரு மீற்றர் உயரத் தடியை மட்டமான நிலத்தில் நட வேண்டும். நூலில் கல் கட்டித் தொங்கவிட்டு நேர் பார்க்க வேண்டும். மத்தியானம் நிழல் எப்போது மிகக் குறுகுகிறதோ அப்போது அளக்க வேண்டும். மணிக்கூட்டில் 12 அடிக்கும்போது அளந்தால் பிழைத்துவிடும். யாழ்ப்பாணத்தின் உச்சிவேளை டிசம்பர் 21 அளவில் 12.08, பொங்கலன்று 12.19.

அப்படி அளந்தால் டிசம்பர் 21இல் நிழல் சுமார் 65 சென்ரிமீற்றர். அந்த வருடத்தின் மிக நீண்ட உச்சி நிழல் அதுதான். பொங்கலன்று 60. ஐந்து சென்ரிமீற்றர் குறைந்தாயிற்று. கட்டுரையாளர் சொல்வதுபோல் சூரியன் தை முதல் நாளன்றுதான் திரும்புகிறது என்றால் அன்றைய நிழல் அல்லவா மிக நீண்டதாக இருக்க வேண்டும்?

இதில் ஒரு சங்கடம் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். திருப்பத்துக்கு முன்னும் பின்னும் பத்துப் பத்து நாட்களில் நிழல் ஒரு சென்ரிமீற்றர்கூட மாறாது. நிழலின் நுனியோ அதற்கும் மேலாக மங்கிப் போய்க் கிடக்கும். எந்த நாள் மிக நீளம் என்று கண்ணால் பார்த்துச் சொல்லப் போனால் ஏமாந்துபோவோம். அதற்குத் தடியின் உச்சியில் சிறு துளையிட்ட மட்டையைப் பொருத்தி, நிலத்தில் விழும் ஒளிப்பொட்டின் நடுவை அளக்கலாம். அதைவிட நல்ல வழி, திருப்ப நாளைத் தேடாமல் அதன் இரு பக்கத்தையும் பிடிப்பது. நவம்பர் 28, அதாவது கார்த்திகை 12 அளவில், நிழல் 60இல் இருக்கும்போது ஒரு கல்லை வையுங்கள். நிழல் அதைத் தாண்டி நீண்டு, மறுபடி சுருங்கி, அதே கல்லுக்கு எப்போது வருகிறது என்று பாருங்கள். ஜனவரி 14. இரண்டுக்கும் சரி நடுவில் இருப்பது டிசம்பர் 21. எங்கள் ஊர்க் கார்த்திகை, மார்கழி மழையில் அந்தக் குறிப்பிட்ட நாளில் முகில் மூடிவிட்டால் அடுத்த வெயில் நாளில் கிடைக்கும் நீளத்தைக் குறித்து, அதன் சோடியைத் தையில் தேடலாம். எங்கள் பிள்ளைகள் அப்படித்தான் செய்தார்கள்.

"அப்படியென்றால் ஏன் மாஸ்டர் மார்கழியைவிடத் தையில் விடியப் பிந்துகிறது?" என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. கேள்வி சரியானது. டிசம்பர் 21 அளவில் இங்கே சூரியன் உதிப்பது 6.22 போல், பொங்கலன்று 6.30 போல். ஆனால் மாலையில் மறைவதும் 12 நிமிடம் பிந்துகிறது. உச்சிவேளையே தள்ளிப்போவதால் வரும் மயக்கம் இது. கூட்டிக் கழித்தால் பகல் மூன்றரை நிமிடம் நீண்டிருக்கும். கொழும்புக்கும் பருத்தித்துறைக்கும் இதில் பெரிய வித்தியாசம் இல்லை. நாங்கள் பூமத்திய ரேகைக்குக் கிட்ட இருப்பதால் பகல் நீளத்தை வைத்துத் திருப்பத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டம், நிழலை வைத்துச் சுலபம்.

சரி, இந்த 24 நாள் எங்கிருந்து வந்தது? பூமி நடுவில் சற்றுப் பருத்தது. அந்தப் பருமனைச் சந்திரனும் சூரியனும் இழுப்பதால், வேகம் குறைந்த பம்பரம்போல் அதன் அச்சு மெதுவாகத் தலையைச் சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 25,800 வருடம். இதனால் சூரியன் திரும்பும் இடம் நட்சத்திரங்களுக்கு இடையே 72 வருடத்துக்கு ஒரு பாகை வீதம் பின்னால் வருகிறது. பருவங்கள் திருப்பத்தோடு போகின்றன. எங்கள் மாதங்கள் நட்சத்திரங்களோடு போகின்றன. இரண்டு வருடக் கணக்குக்கும் இடையே 20 நிமிடம்தான் வித்தியாசம், ஆனால் அது ஒருபோதும் திரும்பி வராமல் சேர்ந்துகொண்டே போகிறது.

எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதற்கும் கணக்கு உண்டு. இந்தியாவில் மேக்நாத் சாகா தலைமையில் அமைந்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு, இந்த இடைவெளியை, அதாவது அயனாம்சத்தை, 1956 மார்ச் 21இல் 23 பாகை 15 கலை என்று வைத்தது. ஒரு பாகைக்கு 60 கலை. அதன் பிறகு போன 70 வருடத்தில் இன்னும் ஒரு பாகைக்குச் சற்றுக் குறைவாகக் கூடி, இப்போது 24 பாகை 13 கலை அளவில் நிற்கிறது. சூரியன் இந்த மாதங்களில் நாளுக்கு ஒரு பாகைக்குச் சற்று அதிகமாக நகரும். வகுத்துப் பாருங்கள், அந்த 24 நாள் வந்துவிடும். அந்த 24 பாகையை 72ஆல் பெருக்கினால் சுமார் 1,700 வருடம். கி.பி. மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் மகர இராசிப் பிரவேசமும் திருப்பமும் ஒரே நாளில் விழுந்தன. அன்றைக்குத் தங்கள் சிறப்பிதழ் வந்திருந்தால் ஒரு பிழையும் இல்லை.

ஓர் ஆயுளுக்குள் தெரியாது என்பார்கள். இரண்டு ஆயுளுக்குள் தெரியும். விவேகானந்தர் பிறந்தது மகர சங்கராந்தியன்று. 1897இல் யாழ்ப்பாணத்துக்கும் வந்து பேசியவர் என்பதால் இங்கே பலருக்கும் அவர் பிறந்த திகதி தெரியும். அது 1863 ஜனவரி 12. இன்று சங்கராந்தி 14, 15இல் நிற்கிறது. இனியும் தள்ளிப்போய், ஆயிரத்து இருநூறு வருடமளவில் பெப்ரவரிக்குள் போய்விடும்.

என்னைக் கோபப்படுத்துவது பிழையைவிட, அதை முன்னோர் தலையில் கட்டுவது. மிகப் பழைய வானியல் நூலான வேதாங்க சோதிடம், சூரியன் அவிட்டத்தின் தொடக்கத்தில் வடக்கே திரும்புகிறது என்று சொல்கிறது. ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் பிருகத் சம்ஹிதையில் அதைக் குறிப்பிட்டு, பழைய நூல்களில் அப்படி உள்ளது, இப்போது திரும்புவது மகரத்தின் தொடக்கத்தில் என்று எழுதினார். அவிட்டத்திலிருந்து உத்தராடத்துக்கு, 23 பாகை. எழுதியதோடு விடவில்லை. உதயத்திலும் அத்தமனத்திலும் தூரத்து அடையாளம் ஒன்றை வைத்துப் பார், அல்லது பெரிய வட்டத்தில் நிழல் புகும் இடத்தையும் வெளியேறும் இடத்தையும் குறித்துப் பார் என்று வழியும் சொன்னார். அவர் சொன்ன இடத்திலிருந்து ஏறக்குறைய அதே அளவு தூரம் மறுபடி கடந்தாயிற்று. இப்போது சூரியன் திரும்புவது மூலத்தின் இரண்டாம் பாதத்தில். அந்த மனிதர் அளந்து திருத்தினார். நாங்கள் தடியைத் தொடாமல் அவரது விடையை மட்டும் 1,500 வருடமாகப் பார்த்து எழுதுகிறோம், அதற்கு மரபு என்று பெயரும் வைத்திருக்கிறோம்.

இதனால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்பீர்கள். முன்பு ஒரு பொது அறிவுப் போட்டியில் "உத்தராயணம் தொடங்கும் நாள் எது?" என்ற கேள்விக்கு என் மாணவி ஒருத்தி டிசம்பர் 21 அல்லது 22 என்று எழுதினாள். பிழை என்று போட்டார்கள். நான் போய்க் கேட்டேன். நடுவர் ஒரு பத்திரிகைச் சிறப்பிதழை எடுத்துக் காட்டினார். எந்தப் பத்திரிகை என்று சொல்லி மரியாதைக் குறைவாக நடக்க விரும்பவில்லை.

வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு பஞ்சாங்கக்காரரும் ஒவ்வொரு வருடமும் நேரத்துக்குச் சண்டை பிடிப்பதற்கு மட்டும் தாங்கள் அரைப்பக்கம் தருகிறீர்கள். அது வேறு கதை. இரண்டுமே நட்சத்திரத்தை வைத்து எண்ணுபவை. வாக்கியத்தின் வருடம் சில நிமிடம் கூடுதல், அவ்வளவுதான். எந்தப் பக்கம் வென்றாலும் இந்த 24 நாளில் ஒரு நாள்கூடக் குறையாது. மறுபக்கத்தில், பொங்கலையே டிசம்பருக்கு மாற்ற வேண்டும் என்று கதைக்கிற பகுத்தறிவாளர் சிலரும் இருக்கிறார்கள். அவர்களிடமும் எனக்குப் பொறுமை இல்லை. காலபோக நெல் விளைந்து வருவது தையில்தான், மார்கழி வெள்ளத்துக்குள் நின்று எந்தக் கமக்காரன் புதிரெடுப்பான்? பொங்கல் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். காரணத்தை மட்டும் சரியாகச் சொல்லுங்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் இதையே எழுதி அனுப்பினேன். "பொங்கல் வாழ்த்துகள் – வாசகர்" என்று மூன்று வரியில் பிரசுரித்திருந்தீர்கள். வாழ்த்து நான் எழுதியதே இல்லை.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த சிறப்பிதழில் "சூரியன் வடக்கே திரும்பும் நாள்" என்ற இடத்தில் "சூரியன் மகர இராசிக்குள் புகும் நாள்" என்று போடுங்கள். வரும் டிசம்பரில், இராகு காலமும் சுபநேரமும் போடும் பெட்டியில், திருப்ப நாளன்று ஒரு வரி சேருங்கள். இந்தக் கடிதத்தையும் சுருக்கத்தான் வேண்டும் என்றால் என் கோபத்தை வெட்டிவிட்டு நிழல் அளவுகளை விட்டுவையுங்கள்.

இங்ஙனம்,
ஓய்வுநிலைக் கணித ஆசிரியர்,
யாழ்ப்பாணம்.