முப்பது கிராமில் ஒளிந்திருக்கும் கணக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பாக்கெட் தின்பண்டங்கள் பற்றிய உங்கள் கட்டுரை, லேபிளைப் படித்து வாங்கச் சொன்னது. சரி, படிக்கிறோம். ஆனால் எந்த வரியிலிருந்து தொடங்குவது? 'சர்விங் சைஸ்' என்ற வரியிலிருந்துதான் என்பேன். அதைத் தாண்டிப் போனால் மற்ற எண்கள் ஏமாற்றிவிடும்.

150 கிராம் மிக்சர் பாக்கெட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சர்விங் சைஸ் 30 கிராம். அதாவது ஒருவர் ஒரு தடவைக்கு இவ்வளவுதான் தின்பார் என்று தயாரிப்பாளர் வைத்திருக்கும் அளவு. சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள், காபி டம்ளரில் பாதிதான் வரும். மாலையில் டிவி முன்னால் உட்காருபவர் அதோடு நிறுத்துவாரா?

அட்டவணையில் 100 கிராமுக்கு சோடியம் 800 மில்லிகிராம், சாச்சுரேட்டட் ஃபேட், அதாவது நிறைவுற்ற கொழுப்பு, 14 கிராம் என்று இருக்கிறது. பக்கத்துக் கட்டத்தில், ஒரு சர்விங்கில் நாளொன்றுக்கான அளவில் சோடியம் 12 சதவீதம், சாச்சுரேட்டட் ஃபேட் 19 சதவீதம். பார்க்கச் சாதுவாகத்தான் தெரிகிறது. நம் நாட்டு லேபிள் விதிப்படி இந்தச் சதவீதம், நாளுக்கு 2000 மில்லிகிராம் சோடியம், 22 கிராம் சாச்சுரேட்டட் ஃபேட் என்ற கணக்கில் போடப்படுகிறது. பாக்கெட்டைக் காலி செய்தால் இதுவே ஐந்து மடங்கு. சோடியம் 1200 மில்லிகிராம், 2.5-ஆல் பெருக்கினால் 3 கிராம் உப்புக்குச் சமம். நாள் முழுவதற்குமே 5 கிராம் உப்புதான் கணக்கு. நிறைவுற்ற கொழுப்போ 21 கிராம். அன்றைய கோட்டா ஏறக்குறைய முடிந்தது. இவ்வளவு எங்கிருந்து வருகிறது என்றால், சேர்பொருள் பட்டியலில் பாமாயிலைத் தேடுங்கள். அதன் கொழுப்பில் ஏறக்குறைய பாதி இந்த வகைதான். பட்டியல் எடை வரிசையில் இருப்பதால், அது எவ்வளவு முன்னால் வருகிறதோ அவ்வளவு அதிகம்.

அப்புறம், முன்பக்கத்தில் பெரிதாக இருக்கும் 'பிரிசர்வேட்டிவ் சேர்க்கவில்லை'. பொய் இல்லை, ஆனால் பெருமைப்பட அதில் ஒன்றும் இல்லை. பிரிசர்வேட்டிவ் என்பது பூஞ்சை, கிருமி வளராமல் தடுப்பது. ஈரமே இல்லாத மிக்சருக்கு அது எதற்கு? ஊறுகாய், ஸ்குவாஷ் பாட்டில்களில் 211 என்ற எண்ணைப் பாருங்கள், அதுதான் சோடியம் பென்சோயேட். மிக்சரில் கெடுவது எண்ணெய். காறல் வாடை வராமலிருக்க 'ஆன்டிஆக்ஸிடன்ட் 319' சேர்த்திருக்கலாம். இரண்டுமே அளவோடு அனுமதிக்கப்பட்டவை, பயப்பட வேண்டாம். என்னைக் கேட்டால், இந்த எண்களைவிட உப்புதான் அதிகம் கவலைப்பட வேண்டிய விஷயம்.

ஒரே மூச்சில் தின்று தீர்க்கிற சின்ன பாக்கெட்டுகளிலாவது முழுப் பாக்கெட்டுக்கான கணக்கைத் தனிக் கட்டமாக அச்சிடச் சொல்லி நீங்கள் எழுதினால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருச்சி