கலைச்சொல் பட்டியல் மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

தமிழ்வழியில் படித்துவிட்டு ஆங்கிலத்தில் தேர்வு எழுதும் மாணவர்களின் தடுமாற்றம் பற்றிய தங்கள் தலையங்கத்தைப் படித்தேன். பாடநூலின் கடைசியில் கலைச்சொல் பட்டியல் சேர்க்கலாம் என்ற யோசனை சரிதான், ஆனால் அது பாதி வேலையைத்தான் செய்யும். முடுக்கம் என்றால் ஆக்ஸிலரேஷன் என்பதை மாணவர்கள் ஒரே வாரத்தில் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். அவர்கள் இடறுவது கேள்வி வாக்கியத்தில். மாலை நேரத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கும் நான் இதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன்.

ஒரு கணக்கு: கார் ஒன்று 'ஸ்டார்ட்ஸ் ஃப்ரம் ரெஸ்ட்', முடுக்கம் 2 m/s², 5 நொடிக்குப் பின் திசைவேகம் என்ன? v = u + at என்ற சூத்திரம் மாணவிக்கு நன்றாகத் தெரியும். ஆனால் தொடக்கத் திசைவேகமான u எங்கும் எண்ணாகத் தரப்படவில்லையே என்று திகைத்து நிற்கிறாள். அந்த மூன்று சொல் தொடரே u = 0 என்று சொல்கிறது; விடை 10 m/s. இப்படித்தான் 'கம்ஸ் டு ரெஸ்ட்' என்றால் v = 0, 'யூனிஃபார்ம் வெலாசிட்டி' என்றால் a = 0, 'ஸ்மூத் சர்ஃபேஸ்' என்றால் உராய்வைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். தனிச்சொற்களின் அகரவரிசையில் இவை அகப்படாது. எனவே பாடக்குறிப்பு தயாரிப்பவர்கள், ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் தேர்வில் வரும் ஆங்கிலத் தொடர்களை முழு வாக்கியமாகவே அச்சிட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே அது குறிக்கும் சமன்பாட்டையும் தமிழ் விளக்கத்தையும் தர வேண்டும்.

இப்படிக்கு,
ஓர் இயற்பியல் ஆசிரியர்