சராசரி 24 நிமிடம் என்றால் ஒன்றேகால் மணி நேரம் காத்திருந்தவர் யார்?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பினாங்கில் ஒரு தனியார் கிளினிக்கில் எண் சீட்டு எடுத்துவிட்டு ஒன்றேகால் மணி நேரம் உட்கார்ந்திருந்ததாக ஒரு பெரியவர் நம் பத்திரிகையில் எழுதியிருந்தார். "எங்கள் சராசரிக் காத்திருப்பு நேரம் 24 நிமிடம்தான்" என்று நிர்வாகத்தின் விளக்கம் அடுத்த வாரமே வந்தது. படித்தவர்களில் பலர், இருவரில் யாரோ ஒருவர் உண்மையை மறைக்கிறார் என்று நினைத்திருப்பார்கள். மருத்துவப் பதிவேட்டுப் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் நான். இரண்டுமே உண்மையாக இருக்கலாம். பிழை, நிர்வாகம் பதில் சொல்லத் தேர்ந்தெடுத்த கணக்கில் இருக்கிறது.

ஒரு சாதாரணக் காலை நேரத்தை எடுத்துக்கொள்வோம். கணக்குக்கு வசதியாக 20 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சீட்டு எடுத்ததிலிருந்து மருத்துவர் அறைக்குக் கூப்பிடும்வரை அவர்கள் காத்திருந்த நிமிடங்களைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தினால் இப்படி வருகிறது: 8, 9, 10, 11, 12, 12, 13, 14, 15, 16, 17, 18, 19, 20, 22, 25, 31, 48, 75, 85. மொத்தம் 480 நிமிடம். இருபதால் வகுத்தால் சராசரி 24. நிர்வாகம் சொன்னது சரிதான்.

ஆனால் அந்த வரிசையில் 24 நிமிடம் காத்திருந்தவர் ஒருவர்கூட இல்லை. பதினைந்து பேர் அதற்கும் குறைவாகவே காத்திருந்தார்கள். ஐந்து பேர் அதைத் தாண்டினார்கள், அவர்களில் இருவர் மிக அதிகமாகத் தாண்டினார்கள். காத்திருப்பு நேரம் எப்போதும் இப்படித்தான் ஒரு பக்கமாக நீளும். எவ்வளவு வேகமாகக் கவனித்தாலும் பூஜ்யத்துக்குக் கீழே போக முடியாது. மேலே போவதற்கோ எல்லையே கிடையாது.

இப்போது அதே வரிசையில் பதினெட்டாவது ஆளைப் பாருங்கள். இருபதில் பதினெட்டு என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு. அவர் காத்திருந்தது 48 நிமிடம். பத்தில் ஒன்பது பேரை 48 நிமிடத்துக்குள் உள்ளே அனுப்பிவிட்டார்கள் என்று இதற்குப் பொருள். தொண்ணூறாவது நூற்றுமானம், பெர்சென்டைல் என்று சொல்வதெல்லாம் இதைத்தான். கூட்டல், வகுத்தல்கூட வேண்டாம், வரிசைப்படுத்தி எண்ணினால் போதும். சராசரியைப் போல இது சரியாக இரண்டு மடங்கு.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு பெண்ணுக்கு இந்த வித்தியாசம் பெரியது. எம்.சி. வேண்டாம், டைம் சிலிப் போதும் என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு வருகிறார். 24 நிமிடம் என்று நம்பி அரை மணி நேரம் ஒதுக்கி வந்தால், அந்தக் காலையில் வந்த இருபது பேரில் நான்கு பேருக்கு அது போதவில்லை. "பத்தில் ஒன்பது பேருக்கு 50 நிமிடத்துக்குள்" என்று சுவரில் எழுதியிருந்தால் ஒரு மணி நேரம் கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருப்பார். வாக்குறுதி கொடுப்பவர்கள் நூற்றுமானத்தில் கொடுப்பதற்குக் காரணம் இதுதான். எவ்வளவு நேரம் ஒதுக்கினால் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளமாட்டோம் என்பதை அது நேரடியாகச் சொல்கிறது. நம் அரசு மருந்தகங்களிலும் நூற்றுக்கு 95 மருந்துச் சீட்டுகளுக்கு 30 நிமிடத்துக்குள் மருந்து கொடுக்க வேண்டும் என்றுதான் அளவுகோல் வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. சராசரியைக் குறைப்பது சுலபம். ஏற்கனவே சீக்கிரம் போய்விடும் அந்தப் பதினைந்து பேருக்கும் ஆளுக்கு 4 நிமிடம் மிச்சப்படுத்தினால் போதும், சராசரி 21 ஆகிவிடும். அறிக்கையில் முன்னேற்றம் என்று எழுதலாம். அந்தப் பதினெட்டாவது ஆள் அதே 48 நிமிடம் உட்கார்ந்திருப்பார், பெரியவர் அதே 75 நிமிடம். நூற்றுமானத்தில் வாக்குக் கொடுத்த நிர்வாகம், தாமதமாகும் நோயாளி எங்கே தேங்குகிறார் என்று போய்ப் பார்த்தே ஆக வேண்டும்.

போய்ப் பார்த்தால் என்ன தெரியும்? நான் பார்த்தவரை, கடைசியில் நிற்பவர்கள் அன்றைக்கு அதிர்ஷ்டம் இல்லாதவர்கள் அல்ல. இனிப்புநீர் உள்ளவரை முதலில் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். முடிவு வரும்வரை அவருடைய எண் நகராது. இன்னொருவருக்கு நிறுவனத்திலிருந்து உத்தரவாதக் கடிதம் வந்து சேராது. வேறொருவரின் பழைய கோப்பு மற்றொரு அறையில் கிடக்கும். ஆக, அதே ஆட்கள்தான் ஒவ்வொரு முறையும் அந்தக் கடைசி இருவரில் இருக்கிறார்கள். காய்ச்சலுக்கு வந்து பத்து நிமிடத்தில் போகிறவர்களோடு அவர்களைச் சேர்த்துச் சராசரி எடுப்பது, மாதாமாதம் வரும் அந்தப் பெரியவருக்குச் செய்யும் அநியாயம்.

நூற்றுமானத்திலும் ஏமாறலாம், அதையும் சொல்லிவிடுகிறேன். பத்தில் ஒன்பது பேர் போக மிஞ்சும் அந்த ஒருவருக்கு என்ன ஆகிறது என்று அது சொல்லாது. என் கணக்கில் 85 நிமிடத்தை மூன்று மணி நேரமாக மாற்றினாலும் 48 அசையாது. இங்கிலாந்தின் அவசரச் சிகிச்சைப் பிரிவுகளில் நூற்றுக்கு 95 பேரை நான்கு மணி நேரத்துக்குள் கவனித்து அனுப்ப வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். நான்கு மணி நேரம் முடியும் தறுவாயில் மட்டும் திடீரென்று நிறையப் பேர் அனுப்பப்பட்டது அவர்களுடைய புள்ளிவிவரத்திலேயே தெரிந்தது. அந்தக் கோட்டைத் தாண்டிவிட்ட நோயாளிமேல் அவசரம் குறைந்துவிடும் ஆபத்து இப்படிப்பட்ட இலக்கில் எப்போதும் உண்டு. அதனால் மிக நீண்ட காத்திருப்பு எவ்வளவு என்பதையும் பக்கத்திலேயே எழுத வேண்டும்.

அப்புறம், இருபது பேரை வைத்து ஒரு நாளில் எடுக்கும் தொண்ணூறு என்பது ஒன்றிரண்டு ஆட்களின் தயவில் நிற்கும் எண். மாதம் முழுவதும் வந்தவர்களை ஒரே வரிசையில் சேர்த்து எண்ண வேண்டும். தினசரி நூற்றுமானங்களைக் கூட்டி முப்பதால் வகுத்து மாதக் கணக்கு என்று கொடுக்கிறார்கள், அது தவறு. ஆறு பேர் வந்த ஞாயிறும் அறுபது பேர் வந்த திங்களும் அதில் ஒரே எடை பெறுகின்றன. பொறுமையிழந்து சீட்டைப் போட்டுவிட்டுப் போனவர்களையும் கணக்கிலிருந்து எடுத்துவிடக் கூடாது. அதிகம் காத்திருந்தவர்கள் அவர்கள்தான், அவர்களை நீக்கினால் எண் தானாகவே அழகாகிவிடும்.

அந்த நிர்வாகத்திடம் நம் பத்திரிகை மறுபடியும் கேட்க வேண்டும் என்று வேண்டுகிறேன். சென்ற மாதம் பத்தில் ஒன்பது பேர் எத்தனை நிமிடத்துக்குள் உள்ளே போனார்கள்? நேரத்தைச் சீட்டு எடுத்ததிலிருந்து கணக்கிட்டார்களா, பதிவு முடிந்த பிறகா? ரத்தப் பரிசோதனைக்குப் போய்வரும் இனிப்புநீர் நோயாளிகளுக்கு மட்டும் தனியாக அந்த எண் என்ன? எண் சீட்டு இயந்திரத்தில் நேரம் பதிவாகியிருக்கும். எடுத்துக் கொடுக்க ஒரு மத்தியானம் போதும்.

இப்படிக்கு,
ஜெலுத்தோங் வாசகர்,
பினாங்கு