கிணற்றுக் கேள்வி

அன்பின் மச்சான்,

நலம்தானே? இங்கே எல்லாரும் சுகம். நீ அனுப்பின முதலுதவிச் சான்றிதழ் வினாக்களைப் பார்த்தேன். கிணற்றுக் கேள்வியை மட்டும் திருத்தவேணும். ஆடி ஆவணியில் கிணறுகள் வற்றுகிற எங்கட வன்னிப் பெடியளுக்கு அது மிக வேண்டிய கேள்வி.

நீ எழுதினது: "கிணற்றுக்குள் மிசின் வைத்துத் தண்ணீர் இறைக்கிறார்கள். உள்ளே இறங்கினவர் மயங்கிக் கிடக்கிறார். உடனே செய்யவேண்டியது என்ன?" ஈரத்துணியை மூக்கில் கட்டி இறங்குதல், விளக்கை இறக்கிப் பார்த்துவிட்டு இறங்குதல், 1990 அம்புலன்சுக்கு அழைத்தல், மற்றவர்களை இறங்கவிடாமல் தடுத்தல் என்று நாலு விடை. சரியானது கடைசிதான். அழைப்பு அதோடு சேர்ந்தே நடக்கவேணும், ஆனால் நீ போன் எடுக்கிற நேரத்துக்குள் தம்பியோ மச்சானோ குதித்துவிடுவான். ஒரு கிணற்றில் இரண்டு மூன்று பேர் சாவது இப்படித்தான். அதனால் "முதலில்" என்ற சொல்லைக் கேள்வியிலேயே போடு.

மற்ற இரண்டு விடையும் ஏன் பிழை என்று விளக்கத்தில் எழுது. மேலே வைத்த பம்ப் ஏறக்குறைய 7 மீற்றருக்குக் கீழிருந்து தண்ணீரை உறிஞ்சாது. அதனால்தான் மிசினையே உள்ளே இறக்குகிறார்கள். மிசின் புகையில் வரும் காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கிணற்றுக்குள் காற்று ஓடாததால் மிசின் நின்ற பிறகும் அது தங்கி நிற்கும். ஈரத்துணி அதை வடிகட்டாது. விளக்கு இன்னும் ஆபத்து: ஒட்சிசன் நன்றாகக் குறைந்தால்தான் அணையும், ஆளைக் கொல்லுகிற அளவு காபனோரொட்சைட்டு இருந்தாலும் எரிந்துகொண்டே இருக்கும். பெற்றோல் ஆவி இருந்தால் தீயும் பிடிக்கும்.

கீழே கிடப்பவர் உடம்பில் ஏற்கெனவே கயிறு கட்டியிருந்தால் மேலிருந்தே இழுக்கலாம். இல்லையென்றால் சுவாசக் கருவியோடு வருகிற தீயணைப்பு மீட்புக்காரருக்காக (110) காத்திருக்கவேணும். அதுவரை ஊதுவிசிறி கிடைத்தால் நல்ல காற்றை அடிவரை குழாயால் செலுத்தலாம். கயிற்றை நம்பி இன்னொருவர் இறங்குவது விடையாகாது, அவரும் சில மூச்சில் மயங்கலாம்.

ஆளை மேலே எடுத்த பிறகு செய்யவேண்டியது பற்றி இன்னொரு கேள்வி சேர். மூச்சு இல்லையென்றால் 30 நெஞ்சழுத்தம், 2 மூச்சு. ஆழம் 5 முதல் 6 சென்ரிமீற்றர், நிமிடத்துக்கு 100 முதல் 120. மூச்சு இருக்கிறவரின் விரலில் மாட்டும் ஒட்சிசன் மானி 98 காட்டினாலும் "சரி" என்று வீட்டுக்கு விடக்கூடாது. காபனோரொட்சைட்டு பிடித்த குருதியையும் அந்த மானி ஒட்சிசன் நிறைந்த குருதியாகவே வாசிக்கும். பெடியள் இதில்தான் அதிகம் தவறுவார்கள் என்று நினைக்கிறேன்.

திருத்தின தாளை அடுத்த வகுப்புக்கு முன் அனுப்பு, பார்த்துத் தாறன்.

அன்புடன்,
உன் நண்பன்