அல்ட்ராமரைன் ஏன் மலிவு, ரோஸ் டியூபை ஏன் நிறுத்தினோம்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கொஞ்ச நாளாகக் கடைக்கு வருகிறவர்கள் இரண்டு கேள்விகளை மாற்றி மாற்றிக் கேட்கிறார்கள். முதலாவது, "ராஜாக்கள் காலத்தில் தங்கத்துக்குச் சமமாக விற்ற நீலம் என்கிறார்கள், உங்கள் அலமாரியில் அதுதான் இருப்பதிலேயே மலிவான டியூப். அசல்தானா?" இரண்டாவது, "பளிச்சென்று இருந்த அந்த ரோஸ் கலரை ஏன் நிறுத்திவிட்டீர்கள்? விலையும் குறைவாகத்தானே இருந்தது?" கல்லாவில் நின்றுகொண்டு அரை நிமிடத்தில் பதில் சொல்லக்கூடிய கேள்விகள் இல்லை இவை. அதனால்தான் இந்த மடல்.

முதலில் நீலம். பழைய அல்ட்ராமரைன் லாபிஸ் லசூலி என்ற கல்லிலிருந்து எடுக்கப்பட்டது. அந்தக் கல் ஐரோப்பாவுக்கு வந்தது ஆப்கானிஸ்தானின் படக்‌ஷான் மலைப்பகுதியில், சர்-இ-சங் என்ற இடத்துச் சுரங்கங்களிலிருந்து. தூரம் ஒரு செலவு. அதைவிடப் பெரிய செலவு, கல்லிலிருந்து நிறத்தைப் பிரிப்பது. லாபிஸை வெறுமனே இடித்துப் பொடியாக்கினால் சாம்பல் பூத்த ஒரு நீலம்தான் கிடைக்கும். கல்லுக்குள் வெள்ளைக் கால்சைட்டும் மினுக்கும் பைரைட்டும் கலந்திருப்பதுதான் காரணம்.

1400-ஐ ஒட்டி இத்தாலிய ஓவியர் செனினோ செனினி எழுதி வைத்த முறை இது. கல்லை நைஸாக அரைத்து, பைன் மரப் பிசின், மாஸ்டிக் பிசின், தேன்மெழுகு மூன்றையும் உருக்கி, அந்தப் பொடியைச் சேர்த்துச் சப்பாத்தி மாவு மாதிரி பிசைய வேண்டும். குறைந்தது மூன்று பகல், மூன்று இரவு அப்படியே வைத்து, தினமும் எடுத்துப் பிசைய வேண்டும். பிறகு வெதுவெதுப்பான சாம்பல் காரநீரில் போட்டு இரண்டு குச்சிகளால் அமுக்கி அமுக்கிப் புரட்டினால் நீலம் மட்டும் தண்ணீரில் இறங்கும். அழுக்கும் வெள்ளைக் கல்லும் பிசினோடு தங்கிவிடும். முதல் தண்ணீரில் இறங்குவதுதான் ஆழமான நீலம். அடுத்தடுத்த தண்ணீரில் வெளிறிக்கொண்டே போய், கடைசியில் நீலச்சாயல் கொண்ட சாம்பல்தான் மிஞ்சும். ஒரே கல்லிலிருந்து வந்தாலும் ஒவ்வொரு தண்ணீருக்கும் ஒரு விலை.

அந்த விலை ஓவியரை எப்படிக் கட்டிப்போட்டது என்பதற்கு ஒரு ஒப்பந்தம் இன்றும் இருக்கிறது. 1485 அக்டோபரில் ஃபிளாரன்ஸ் நகரத்துக் கைவிடப்பட்ட குழந்தைகள் இல்லத்தின் தலைவர், டொமெனிகோ கிர்லாண்டையோவிடம் ஒரு பலிபீட ஓவியம் கேட்கிறார். மொத்தக் கூலி 115 ஃபுளோரின். மாதம் 3 ஃபுளோரின் வீதம் கொடுப்பார்கள். நிறங்களும் தங்கமும் ஓவியரின் சொந்தச் செலவு. அதோடு ஒரு நிபந்தனை: நீலம் அல்ட்ராமரைனாக இருக்க வேண்டும், அதுவும் அவுன்ஸ் சுமார் 4 ஃபுளோரின் விலையுள்ள தரம். கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதச் சம்பளம் மூன்று, முப்பது கிராமுக்கும் குறைவான நீலத்துக்கு நாலு. ஒரு மாதக் கூலியைக் கொடுத்தாலும் ஒரு அவுன்ஸ் வாங்க முடியாது. ஒப்பந்தத்திலேயே விலையை எழுதி வைத்ததற்கும் காரணம் இருக்கிறது. வெறும் "நீலம்" என்று எழுதினால் ஓவியர் மூன்றாவது தண்ணீர் நீலத்தைப் பூசிவிட்டுப் போய்விடலாம்.

அதனால் அந்தக் கால ஓவியங்களில் இந்த நீலம் மனம்போன போக்கில் சிதறிக் கிடக்காது. மரியாளின் மேலங்கியில் முதல் தரம். வானத்துக்கும் மற்றவர்கள் உடைக்கும் அசுரைட் போன்ற மலிவான நீலம். மேலங்கியிலேயே கூட அடியில் அசுரைட்டைப் பூசி, மேலே மெல்லிசாக அல்ட்ராமரைனை இழுத்துச் சிக்கனம் செய்தவர்கள் நிறைய. எந்த உருவம் எந்த நீலம் உடுத்த வேண்டும் என்று தீர்மானித்ததில் பக்திக்கு எவ்வளவு பங்கோ, பணப்பைக்கும் அவ்வளவு பங்கு என்பது எங்கள் எண்ணம். ஏமாற்றும் இருந்தது. அசுரைட்டை அல்ட்ராமரைன் என்று சொல்லி விற்பவர்களைப் பிடிக்க, பழுக்கக் காய்ச்சிய இரும்பில் ஒரு சிட்டிகை போட்டுப் பார்ப்பார்கள். அசுரைட் கருகிவிடும், லாபிஸ் நீலம் நீலமாகவே இருக்கும்.

இந்த நிலைமையை மாற்றியது ஒரு சோடா உலை. 1814-இல் பிரான்சின் சான் கோபான் தொழிற்சாலையில் உலையைப் பிரித்தபோது நீலக் கட்டிகள் ஒட்டியிருந்தன. ஆராய்ந்து பார்த்ததில், லாபிஸில் இருக்கும் அதே சேர்க்கை மாதிரி தெரிந்தது. 1824-இல் பாரிஸின் தொழில் ஊக்குவிப்புச் சங்கம் 6,000 பிராங்க் பரிசு அறிவித்தது. கல் நீலத்துக்கு இணையான செயற்கை நீலம் வேண்டும், கிலோ 300 பிராங்குக்கு மேல் போகக்கூடாது. கல்லிலிருந்து எடுத்தது அப்போது கிலோ சில ஆயிரம் பிராங்க். 1828-இல் பரிசு ஜான் பாப்டிஸ்ட் கிமே என்பவருக்குப் போனது. அவர் தன் முறையை ரகசியமாக வைத்துக்கொண்டார். ஆனால் அதே ஆண்டு ஜெர்மனியில் கிமெலின் என்ற பேராசிரியர் இதே போன்ற ஒரு முறையை வெளிப்படையாக அச்சிட்டுவிட்டார். அப்புறம் விலை எங்கே நிற்கும்?

மூலப்பொருள்களைக் கேட்டால் சிரிப்பு வரும்: வெள்ளைக் களிமண், சோடா, கந்தகம், கொஞ்சம் கரி. காற்றுப் புகாமல் மூடிய மண்கலத்தில் 700, 800 டிகிரிக்குச் சூடாக்கினால் முதலில் பச்சை நிறத்தில் ஒரு பொருள் வரும். பிறகு காற்று படும்படி மறுபடி சூடாக்கினால் நீலமாகும். களிமண் ஒரு கூண்டாக மாறி, கந்தக அணுக்களை மூன்று மூன்றாகச் சிறை பிடிக்கிறது; நிறம் அந்தக் கந்தகத்தின் நிறம். லாபிஸ் கல்லிலும் இதேதான் நடந்திருக்கிறது. ஆக, உங்கள் டியூபில் இருப்பது போலி இல்லை. பொருள் அதே, பிறந்த இடம்தான் வேறு. கல் நீலத்தில் துகள்கள் சிறிதும் பெரிதுமாக, இடையிடையே வெள்ளைக் கல்லோடு இருக்கும். உலை நீலத்தில் ஒரே சீராக, நுண்ணியதாக இருக்கும். அதனால் உலை நீலம் கூடுதல் அடர்த்தியாகத் தெரியும். நம் வீட்டுப் பெரியவர்கள் வெள்ளைத் துணிக்குப் போட்ட நீலப்பொடியும், வெள்ளையடிக்கும்போது சுண்ணாம்பில் கலந்த நீலமும் இதே சரக்குதான்.

டியூபில் PB29 என்று அச்சிட்டிருந்தால் அது அல்ட்ராமரைன். வெயிலுக்கும் சுண்ணாம்புக்கும் அசையாது. அமிலத்துக்கு மட்டும் பயப்படும். பொடியாக வாங்குகிறவர்கள் ஒரு சிட்டிகையை வெட்டவெளியில் வைத்து, கழிவறை கழுவும் ஆசிட் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். நீலம் வெளுத்து, அழுகிய முட்டை வாடை வந்தால் அசல். கூண்டு உடைந்து கந்தகம் வெளியே வருகிற வாடை அது. நிறம் அப்படியே நின்றால் யாரோ வேறு நீலத்தைக் கலந்திருக்கிறார்கள்.

இனி ரோஸ் விஷயம். ஜெர்மனியில் கார்ல் லெவர்குஸ் என்பவர் அல்ட்ராமரைன் ஆலை வைத்தார். பின்னாளில் அந்த இடம் லெவர்குசன் என்ற ஊரானது. 1891-இல் அந்த ஆலை நிலத்தை வாங்கியது பேயர், அதாவது சாயக் கம்பெனி. அந்தக் காலம் போன திசை அதிலேயே தெரிகிறது. 1856-இல் லண்டனில் பெர்கின் என்ற பதினெட்டு வயதுப் பையன் தார் எண்ணெய்ச் சரக்கிலிருந்து ஊதாச் சாயம் எடுத்ததிலிருந்து, துணிக்கான சாயங்கள் வரிசையாக வந்தன. 1870-களில் வந்த ஈயோசின் அதில் ஒன்று. கண்ணைப் பறிக்கும் ரோஸ். சாயம் தண்ணீரில் கரையும், அதனால் அப்படியே எண்ணெயில் குழைத்துப் பூச முடியாது. படிகாரத்திலிருந்து எடுத்த வெள்ளைப் பொடி போன்ற ஒன்றின் மேல் அதைப் படிய வைத்து "லேக்" என்று டியூபில் அடைத்தார்கள். ஜெரேனியம் லேக் என்ற பெயரில் அது ஓவியர்களிடம் போனது.

வின்சென்ட் வான் கோ தன் தம்பிக்கு அனுப்பிய வண்ணப் பட்டியல்களில் அது இருக்கிறது. இந்தப் புது வண்ணங்கள் நிலைக்காது என்று அவருக்குத் தெரியும். காலம் எப்படியும் மட்டுப்படுத்திவிடும், அதனால் கூசாமல் கூடுதலாகவே பூச வேண்டும் என்று 1888-இல் எழுதியும் இருக்கிறார். 1890 மே மாதம் ஐரிஸ் பூக்களை இரண்டு முறை வரைந்தார். ஒன்றுக்கு மஞ்சள் பின்னணி, இன்னொன்றுக்கு ரோஸ். ரோஸ் பின்னணிப் படம் இப்போது நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. போய்ப் பார்த்தால் பின்னணி கிட்டத்தட்ட வெள்ளை. அவர் ஊதா என்று எழுதிய பூக்கள் இரண்டு படங்களிலும் நீலமாக நிற்கின்றன. நீலத்தோடு சேர்ந்து ஊதாவைக் கொடுத்த ரோஸ் வெளியேறிவிட்டது, நீலம் தங்கிவிட்டது. ஊதாவும் ரோஸும் ஒன்றையொன்று தழுவி நிற்கும் மென்மையான படமாக அவர் நினைத்திருந்தது, இன்று பளீரென்ற நீலமும் வெள்ளையுமாகக் கிடக்கிறது.

மலிவு என்றாலே மட்டம் என்று இதை எடுத்துக்கொள்ளாதீர்கள். அல்ட்ராமரைனும் ஈயோசினும் இரண்டுமே தொழிற்சாலையில் பிறந்து விலை குறைந்த வண்ணங்கள்தான். முதலாவதில் நிறம் கூண்டுக்குள் பத்திரமாக இருக்கிறது, இரண்டாவதில் சாய மூலக்கூறு வெளிச்சம் பட்டு உடைகிறது. சாய வழி வந்த எல்லாமும் அப்படி இல்லை. 1950-களின் கடைசியில் சந்தைக்கு வந்த குவினாக்ரிடோன், PV19 என்று அச்சிட்டு வருவது, நல்ல ரோஸ், வெளிச்சத்தில் நிற்கிறது. விலைதான் கொஞ்சம் கூடுதல்.

நாங்கள் நிறுத்திய டியூபில் எந்தக் குறியீடும் இல்லை. தயாரிப்பாளரிடம் கேட்டும் பதில் வரவில்லை. அதனால் அட்டையில் ஒரு கோடு இழுத்து, பாதியைக் கறுப்புத் தாளால் மூடி, மேற்குப் பார்த்த ஜன்னலில் வைத்தோம். கோடை முடிந்து தாளை எடுத்தபோது மூடாத பாதியில் மங்கலான ஒரு சாயல்தான் மிச்சம். அந்த அட்டை கல்லா பக்கத்தில் தொங்குகிறது, பார்த்துவிட்டுப் போங்கள். BV10, PR90 என்ற குறியீடுள்ள ரோஸ்களும் இந்த வகைதான். ஸ்கேன் செய்து அச்சிடப்போகும் படத்துக்கு அவை தாராளமாகப் போதும். சுவரில் மாட்டப்போகும் படத்துக்கு வேண்டாம்.

PR83 எனப்படும் அலிசரின் கிரிம்சனைப் பற்றியும் கேட்கிறீர்கள். அது நடுத்தரம். கனமாகப் பூசினால் பல காலம் நிற்கும். வாட்டர்கலரில் மெல்லிய வாஷாக விட்டால் வெளிறும். வைத்திருக்கிறோம், ஆனால் கேட்டால் PV19 பக்கம்தான் கை காட்டுவோம்.

பழைய ரோஸ் டியூபைத் திறக்காமல் வைத்திருப்பவர்கள் கடைக்குக் கொண்டு வந்தால், அந்த விலையைக் கழித்துக்கொண்டு PV19 தருகிறோம். பில் வேண்டியதில்லை. கல் நீலம் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு, விற்பனைக்கு இல்லாத ஒரு சின்னக் குப்பி இருக்கிறது. சனிக்கிழமை மாலைகளில் உலை நீலத்தையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் இழுத்துக் காட்டுகிறோம்.

இப்படிக்கு,
கடையிலிருந்து